சங்க மடலில் வரும் தொண்டர் அழைப்பை இங்கிலீஷுக்குக் கொண்டுபோவது எப்படி?

இந்த எபிசோடுக்கான கேள்வி கனடாவுல, ஸ்கார்பரோ பக்கத்துல இருந்து ஒரு நேயர் அனுப்பினது. அவங்க ஊர்த் தமிழ்ச் சங்கம் மாத மடல் போடுது. அதுல வர்ற தொண்டர் அழைப்பை, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக இங்கிலீஷ்ல மாத்தணும். "வார்த்தைக்கு வார்த்தை சரியாத்தான் மாத்துறோம், ஆனா யாரும் வர்றதில்ல"ன்னு எழுதியிருந்தாங்க.

ஒரு மாதிரி அழைப்பை எடுத்துக்கலாம். இது நானே எழுதினது, ஆனா படிச்சதும் உங்களுக்குப் பழகின மாதிரி இருக்கும்:

"எமது சங்கத்தின் பொங்கல் விழா எதிர்வரும் சனிக்கிழமை நடைபெறவிருப்பதால், தொண்டுள்ளம் கொண்ட இளையோர் திரளாக முன்வந்து மண்டப ஒழுங்கு, உபசரிப்பு முதலிய பணிகளில் தோள் கொடுக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். பெற்றோர் தம் பிள்ளைகளை ஊக்குவித்து அனுப்பவும். தொடர்புகளுக்கு: செயலாளர்."

தமிழ்ல இது நல்ல அழைப்பு. ஏன்னா படிக்கிறவங்களுக்கு மண்டபம் எதுன்னு தெரியும், செயலாளர் யாருன்னு தெரியும், போன வருஷம் என்ன வேலை நடந்துச்சுன்னும் தெரியும். பதினாறு வயசுப் பிள்ளைக்கு இதுல எதுவுமே தெரியாது. அதனால மொழிபெயர்ப்பாளரோட முதல் வேலை அகராதியைத் திறக்கிறது இல்ல, குழுவுக்கு போன் போடுறது. என்ன தேதி, எந்த முகவரி, எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், எத்தனை பேர் வேணும்னு கேட்கணும். பதில் வராத இடத்தை நாமளா நிரப்பக் கூடாது.

"உபசரிப்பு"ங்கிற வார்த்தையைப் பாருங்க. அகராதி 'ஹாஸ்பிடாலிட்டி'ன்னு சொல்லும். அது இங்கிலீஷ்ல ஓட்டல் தொழில் மாதிரி கேட்கும். நிஜமான வேலை என்ன? வாசல்ல சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டோட நின்னு வரவேற்கிறது. சாப்பாடு பரிமாறுறது. வயசானவங்களுக்குத் தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஒரு வார்த்தை, மூணு வேலை. மூணையும் தனித்தனி வரியா எழுதணும்.

"தொண்டுள்ளம் கொண்ட"ங்கிறதை எடுத்துடலாம். தமிழ்ல அது மரியாதை. இங்கிலீஷ்ல அது 'நீ நல்லவனா இருந்தா வா'ங்கிற மாதிரி ஆயிடும். "திரளாக"வும் வேண்டாம். பன்னிரண்டு பேர் வேணும்னா பன்னிரண்டுன்னே போடுங்க. எண் இல்லேன்னா, வேற யாராவது போவாங்கன்னு எல்லாருமே நினைப்பாங்க.

அடுத்து, அழைப்பு யாரைப் பார்த்துப் பேசுது? "பிள்ளைகளை அனுப்பவும்"னா அது பெற்றோர்கிட்ட பேசுது. இங்கிலீஷ் வடிவம் நேரா 'நீ'ன்னு அந்தப் பிள்ளைகிட்ட பேசணும். தொடர்புக்கும் 'செயலாளர்'னு பதவியைப் போடாம, பேரோட அக்கா, அண்ணா சேர்த்துப் போடுங்க. அந்த ரெண்டு வார்த்தையும் வீட்லயே பழகினது, மொழிபெயர்க்கத் தேவையில்ல.

இப்ப முக்கியமான விஷயம். இந்தப் பிள்ளைங்க பலரோட மனசுல இருக்கிற, வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒண்ணு: "என் தமிழ் சரியா வராது, சிரிப்பாங்களா?" மூலத்துல இதுக்குப் பதில் கிடையாது, ஏன்னா அதை எழுதினவருக்கு இந்தக் கேள்வியே வராது. அதனால ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்துலயும் எழுதுங்க. நாற்காலி போட தமிழ் வேண்டாம். பரிமாற, 'போதுமா', 'இன்னும் வேணுமா' தெரிஞ்சா போதும். பதிவு மேசையில பெரியவங்களோட பேசணும், அங்க தமிழ் வேணும்.

இன்னொண்ணு, ஒன்டாரியோவுல உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா வாங்க 40 மணி நேரம் சமூகப் பணி செஞ்சிருக்கணும். நாலு மணி நேர ஷிஃப்ட்னா அதுல பத்துல ஒரு பங்கு. ஆனா செஞ்ச நேரத்தைச் சங்கம் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடணும். யார் போடுவாங்கன்னு குழு முடிவு பண்ணின பிறகுதான் அந்த வரியைச் சேர்க்கணும்.

இதையெல்லாம் சேர்த்தா இங்கிலீஷ் வடிவத்தோட சாரம் இப்படி வரும்: "சனிக்கிழமை நம்ம பொங்கல் விழாவுக்குப் பன்னிரண்டு பேர் தேவை. மதியம் 2 முதல் 6 வரை. வேலைகள் கீழே இருக்கு, ஒண்ணைத் தேர்ந்தெடு. பெரும்பாலான வேலைக்குத் தமிழ் பேசத் தேவையில்லை. சாப்பாடு உண்டு. பள்ளிப் படிவத்துல 4 மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவோம்." பொங்கல்ங்கிற பேர் அப்படியே இருக்கட்டும்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒரு டீனேஜர்கிட்ட இங்கிலீஷ் வடிவத்தைக் கொடுத்து, எப்போ, எங்கே, என்ன செய்யணும்னு கேளுங்க. எங்க தடுமாறுறாங்களோ, அந்த வரியைத் திருத்துங்க. குழுகிட்ட கேட்டு வாங்கின தகவலைத் தமிழ் மடல்லயும் சேர்த்துடுங்க. அம்மா தமிழ்ல படிக்கிற நேரமும் பிள்ளை இங்கிலீஷ்ல படிக்கிற நேரமும் ஒண்ணா இருக்கணும் இல்லையா?

உங்க ஊர்ச் சங்க மடல்ல, மாத்தவே முடியலன்னு ஒரு வார்த்தை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.