அறுபதாம் கல்யாணச் செலவு: யாருக்கு எவ்வளவு?

பூம்புகார்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது என்றால், பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் திருக்கடையூர். அமிர்தகடேசுவரர் கோயிலில், அபிராமி அம்மன் சந்நிதியில், பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் செய்து பார்க்க வேண்டும் என்பது பல குடும்பங்களின் ஆசை. ஆசையில் எல்லாப் பிள்ளைகளும் சமம். வருமானத்தில் அப்படி இல்லை. ஒருவர் சென்னையில் பெரிய சம்பளம் வாங்குவார். இன்னொருவர் ஊரிலேயே படகில் கூலிக்குப் போவார். செலவை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. பல வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோவதும் இந்தக் கணக்கில்தான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூத்தவர் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறார், மாதம் 1,40,000 ரூபாய். தங்கை மயிலாடுதுறையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அவரும் கணவரும் சேர்ந்து மாதம் 45,000 ரூபாய் சம்பாதிக்கிறார்கள். கடைசித் தம்பி பூம்புகாரில் விசைப்படகுத் தொழிலாளி. கடலுக்குப் போகும் மாதங்களில் சுமார் 24,000 ரூபாய் வரும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் படகு கரையில் நிற்கும். ஆகவே பத்து மாத வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால், அவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று ஆகிறது.

விழாச் செலவு 1,80,000 ரூபாய் என்று கொள்வோம். எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது மூன்றாக வகுப்பது. ஆளுக்கு 60,000 ரூபாய். கேட்க நியாயமாக இருக்கிறது. இப்போது மூன்று வீடுகளுக்குள்ளும் போய்ப் பார்ப்போம். வீட்டுக்கடன், வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து எல்லாம் போக மூத்தவர் கையில் மாதம் 60,000 ரூபாய் நிற்கிறது. தங்கை வீட்டில் 10,000. தம்பி வீட்டில் 5,000. அப்படியானால் அந்த 60,000 ரூபாய் மூத்தவருக்கு ஒரு மாத மிச்சம், தங்கைக்கு ஆறு மாத மிச்சம், தம்பிக்கு ஒரு வருஷ மிச்சம். ரூபாய்தான் சமம், சுமை சமமில்லை. தம்பி மனைவியின் நகை அடகுக்குப் போவது இந்தச் சமப் பங்கினால்தான்.

சரி, சம்பளத்துக்குத் தக்கபடி பிரித்துவிடலாமா? அதிலும் ஒரு பிழை இருக்கிறது. சம்பளம் முழுவதும் செலவழிக்கக் கையில் இருக்கும் பணமல்ல. நம் தங்கைக்கு அந்தக் கணக்கில் ஏறக்குறைய 40,000 ரூபாய் வரும். அது அவருடைய நான்கு மாத மிச்சம். மூத்தவருக்கோ இரண்டு மாதத்துச் சுமைதான்.

இதற்கு நல்ல வழியைக் கடற்கரையே நமக்குக் காட்டுகிறது. படகு கரை திரும்பி மீன் விற்றதும், வந்த பணத்தை அப்படியே யாரும் பங்கு போடுவதில்லை. டீசல், ஐஸ், சாப்பாடு என்று அந்தப் பயணத்துக்கான செலவை முதலில் கழிப்பார்கள். நிற்கும் மிச்சத்தில்தான் படகுக்கு இவ்வளவு, உழைத்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு. இதில் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. கழித்த பிறகே பங்கு என்பது ஒன்று. பணம் போட்டவருக்கு மட்டுமல்ல, உடல் உழைப்பைப் போட்டவருக்கும் பங்கு உண்டு என்பது இன்னொன்று. விழாக் கணக்குக்கும் இவை இரண்டும் பொருந்தும்.

கூடவே ஊர்க்கோயில் திருவிழாவின் தலைக்கட்டு வரியையும் நினைத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. குடிசை வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் அதையே கொடுப்பார்கள். அதைக் கொடுத்தவருக்குத் திருவிழாவில் சம உரிமை. ஏழைக் குடும்பம்கூட அந்த வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கத் தயங்குவது அந்த உரிமைக்காகத்தான். நம் தம்பியும் அப்படித்தான். "நீ ஒண்ணும் தரவேணாம்டா, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் அன்போடுதான் சொல்வார். அதைக் கேட்டால் தம்பிக்குச் சுமை குறையும், இடமும் குறைந்துபோகும். அப்பா அம்மா கல்யாணத்தில் அவர் விருந்தாளியாகிவிடுவார். பிறகு எந்த முடிவிலும் அவர் வாய் திறக்க மாட்டார்.

ஆகவே செலவை இரண்டு அடுக்காகப் பிரிப்பதே நல்லது என்பது என் எண்ணம். முதல் அடுக்கு, தலைக்கட்டு போல எல்லோருக்கும் ஒரே தொகை. இருப்பவர்களில் குறைந்த வருமானக்காரர் கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய தொகையாக அது இருக்க வேண்டும். இரண்டாம் அடுக்கு, மீதி முழுவதையும் அவரவர் மிச்சத்தின் விகிதத்தில் பிரிப்பது.

நம் கணக்கில் முதல் அடுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 30,000. மீதி 1,50,000 ரூபாய். மிச்சத்தின் விகிதம் அறுபதுக்குப் பத்துக்கு ஐந்து, அதாவது பன்னிரண்டு, இரண்டு, ஒன்று. அதன்படி மூத்தவருக்கு 1,20,000, தங்கைக்கு 20,000, தம்பிக்கு 10,000. முதல் அடுக்கையும் கூட்டினால் மூத்தவர் 1,30,000, தங்கை 30,000, தம்பி 20,000. மூத்தவருக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேலான சுமை, தங்கைக்கு மூன்று மாதம், தம்பிக்கு நான்கு மாதம். இப்போதும் தம்பிக்குத்தான் சுமை கொஞ்சம் கூட. சமமாகக் கொடுக்கும் முதல் அடுக்கினால் வருவது அது. தம்பி வீட்டுக்கு அதுவும் கனமென்றால் முதல் அடுக்கை 5,000 ஆக்கிக்கொள்ளலாம். அறவே எடுத்துவிட வேண்டாம்.

மகளிடம் பணம் வாங்கலாமா என்று சில வீடுகளில் தயங்குவார்கள். மகளும் மாப்பிள்ளையும் கலந்து பேசி மனமொப்பித் தந்தால், தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். பங்கு கொடுத்த மகளின் பேச்சுக்கும் அங்கே மதிப்பிருக்கும்.

அடுத்தது உழைப்பு. பெற்றோருடன் ஊரில் இருப்பவர் தம்பி. ஐயரைப் பார்த்துப் பேசுவது, எத்தனை கலசம் என்று முடிவு செய்வது, அறை பிடிப்பது, சமையல்காரருக்கு முன்பணம் கொடுப்பது, வேன் பேசுவது எல்லாம் அவர் தலையில் விழும். அதற்காக ஆறு நாள் கடலுக்குப் போகவில்லை என்றால், அவருக்குச் சுமார் 6,000 ரூபாய் போயிற்று. மூத்தவருக்கு லீவு போட்டாலும் சம்பளம் வரும், தம்பிக்கு வராது. எனவே அந்த 6,000 ரூபாயை, படகில் டீசலைக் கழிப்பது போல, விழாச் செலவிலேயே ஒரு வரியாக எழுத வேண்டும். நாம் போட்ட 1,80,000 ரூபாயில் ஹோமம், தட்சிணை, மாலை, நாதஸ்வரத்துக்கு 60,000. புதுத்துணி, திருமாங்கல்யத்துக்கு 40,000. நூறு பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு 40,000. அறைக்கும் வேனுக்கும் 34,000. தம்பி இழந்த கூலி 6,000. இதை அவர் முன்கூட்டியே கொடுத்ததாக வரவு வைத்தால், கையிலிருந்து அவர் தர வேண்டியது 14,000 ரூபாய்தான்.

எப்போது தருவது என்பதும் முக்கியம். அறுபதாம் கல்யாணத்துக்கு நம் வசதிக்கு நாள் பார்க்க முடியாது. அப்பா பிறந்த மாதத்தில் அவருடைய நட்சத்திரம் வரும் நாளில் செய்வதே வழக்கம். அது வைகாசி என்றால் தடைக்காலத்தின் நடுவில் வந்து நிற்கும். தம்பி கையில் காசில்லாத நேரம் அதுதான். நட்சத்திரம் தெரிந்திருப்பதால் ஒரு வருஷத்துக்கு முன்பே பேசிவிடலாம். தை, மாசி, பங்குனியில் மாதம் 5,000 ரூபாய்க்குள் தந்து, படகு கரையேறுவதற்குள் தம்பி பங்கை முடித்துவிடலாம். வயல் வைத்திருக்கும் சகோதரர் என்றால் சம்பா அறுவடைக்குப் பிறகு தரச் சொல்லலாம். மாதச் சம்பளக்காரர் முன்பணங்களைக் கட்டிவிட்டு, மற்றவர்கள் பங்கைப் பிறகு வாங்கிக்கொள்வதும் ஒரு வழி.

இனி ஆடம்பரம். மூத்தவருக்கு மாலையில் மண்டபத்தில் வரவேற்பு வைக்க ஆசை, அலுவலக நண்பர்களை அழைக்க வேண்டும். அதற்கு 1,20,000 ரூபாய் ஆகும். விரும்பியவர் தம் பணத்தில் செய்யட்டும், பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் அவர் பணம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. அந்த வரவேற்புக்கு ஓடியாடி வேலை செய்யப் போகிறவர் தம்பி. நாளைக்குத் தன் பிள்ளைக்குக் காது குத்தும்போது, ஊரார் இதே அளவில் எதிர்பார்ப்பார்கள் என்ற கவலையும் அவருக்குத்தான். ஆகவே செலவு ஒருவருடையது என்றாலும் சம்மதம் மூவருடையதாக இருக்க வேண்டும். பத்திரிகையில் பெயர்கள் வயது வரிசையில், ஒரே எழுத்தளவில் வரட்டும்.

மொய்ப்பணத்தில் செலவைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். அங்கே நிதானம் வேண்டும். நம் டெல்டாப் பகுதியில் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். சென்னையில் இருப்பவர் ஊர் விசேஷம் எல்லாவற்றுக்கும் வர மாட்டார், ஊரில் இருக்கும் தம்பிதான் வருஷக்கணக்கில் திருப்பி எழுதுவார். வந்த மொய்யை மூவர் செலவிலும் கழித்தால், மூவரின் கடனைத் தம்பி ஒருவர் சுமக்கிறார் என்று பொருள். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் பலர் கூட்டாக மொய் விருந்து வைப்பார்கள். பந்தலும் சாப்பாடும் பொதுச் செலவு, மொய் நோட்டு மட்டும் தனித்தனி. யாருக்கு எழுதிய மொய்யோ அவர்தான் திருப்பிச் செய்வார். உங்கள் வீட்டிலும் மொய் நோட்டைத் திருப்பிச் செய்யப் போகிறவரிடமே கொடுங்கள். செலவுக்கணக்கில் அதைக் கலக்க வேண்டாம்.

இதையெல்லாம் எப்படிப் பேசுவது? எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர் ஒரு தொகையைப் போட்டுவிட்டால், தம்பி "சரிண்ணே" என்றுதான் எழுதுவார். அந்த உடனடிச் சம்மதத்தை நம்பிவிடாதீர்கள். பணம் தரும் நாள் தள்ளிக்கொண்டே போவது, தம்பி மனைவி பேச்சில் ஒட்டாமல் விலகி நிற்பது, கழுத்தில் இருந்த சங்கிலி காணாமல் போவது, இவையெல்லாம் பங்கு அதிகம் என்பதற்கு அடையாளம். கூடிப் பேசுவதற்கு முன், அம்மாவோ அத்தையோ தம்பியைத் தனியே கூப்பிட்டு, கடன் இல்லாமல் எவ்வளவு முடியும் என்று கேட்டுவிட வேண்டும். அந்தத் தொகையை வைத்தே விழாவின் அளவைப் பேசத் தொடங்க வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. யாரும் யாரிடமும் சம்பளச் சீட்டைக் கேட்க முடியாது. அவரவர் மிச்சத்தை அவரவரே சொல்ல வேண்டும், மற்றவர் அதை நம்ப வேண்டும். பழைய கணக்கும் குறுக்கே வரும். அண்ணன் படிப்புக்கு நிலத்தை விற்றோமே, தம்பிக்குத்தானே வீடு போகிறது என்பார்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். அவற்றை வேறொரு நாள், பெற்றோர் முன்னிலையில் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும். ஒரு நாள் விழாவின் கணக்கில் முப்பது வருஷக் கணக்கைத் தீர்க்க முடியாது.

விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் மூவரும் நோட்டோடு உட்காருங்கள். பணம் மீந்தால் அதே பன்னிரண்டு, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் திருப்பிக் கொடுங்கள். செலவு கூடியிருந்தாலும் அதே விகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்பாவுக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி வரும்போது, தம்பி சொந்தப் படகு வாங்கியிருக்கலாம், மூத்தவர் வேலையில் இல்லாமலும் போகலாம். அன்றைய மிச்சத்தைப் பார்த்து விகிதத்தைப் புதிதாக எழுதுங்கள்.