ரெண்டு சம்பளம், ஒரு வாடகை: வரிக் காலண்டர் 2025-26

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி இருந்துச்சு: "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், டேக்ஸை எப்படிப் பிளான் பண்றது?" அதனால இன்னைக்கு ஒரு ஜோடியோட கணக்கை மட்டும் எடுத்து, 2025 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2026 ஜூலை வரைக்கும் நடந்து பார்க்கலாம். ஆமா, டேக்ஸ் வருஷத்துக்கு 16 மாசம்.

ஜோடி என் நண்பரும் அவர் மனைவியும். அவங்க சம்மதத்தோட நம்பரை ரவுண்ட் பண்ணியிருக்கேன். சென்னையில மாசம் 45,000 வாடகை. அவருக்கு வருஷச் சம்பளம் 20 லட்சம், அதுல பேஸிக் 10 லட்சம், ஹெச்.ஆர்.ஏ 5 லட்சம். அவங்களுக்கு 12.6 லட்சம். ஊர்ல அப்பா அம்மா இருக்கற வீடு நண்பர் பேர்ல, லோனும் அவர் பேர்லயே. அதுக்கு வருஷ வட்டி 2 லட்சம்.

நம்ம நாட்டுல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட முடியாது. ஒவ்வொருத்தரும் தனி. ஆனா வாடகை ஒண்ணுதான். அது யார் பேர்ல போகுதுங்கறதுலதான் இந்த வருஷமே நிக்குது. அதை முடிவு பண்ற மாசம் ஏப்ரல்.

ஏப்ரல்ல ஹெச்.ஆர் போர்ட்டல் ரெண்டு விஷயம் கேட்கும்: பழைய ரெஜிமா புது ரெஜிமா, அப்புறம் டிக்ளரேஷன். பதிலே சொல்லலைன்னா புது ரெஜிம்னு எடுத்துட்டு டி.டி.எஸ் பிடிப்பாங்க. மனைவிக்கு யோசிக்கவே வேண்டாம், புது ரெஜிம். 12.6 லட்சத்துல ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போனா 11.85 லட்சம். 12 லட்சத்துக்குள்ள இருக்கறதால வரி பூஜ்யம். புது ரெஜிம்ல ஹெச்.ஆர்.ஏ கழிவு கிடையாது, அதனால வாடகை அவங்க பேர்ல இருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

இப்ப நண்பர். புது ரெஜிம்ல அவருக்கு வரி, செஸ் சேர்த்து 1,92,400. பழைய ரெஜிம்ல? ஹெச்.ஆர்.ஏ விலக்குக்கு மூணு தொகையைப் பார்ப்பாங்க: கம்பெனி குடுத்த ஹெச்.ஆர்.ஏ, சென்னைன்னா பேஸிக்ல பாதி, கட்டின வாடகையில பேஸிக்கோட 10 சதவீதத்தைக் கழிச்சது. இதுல எது கம்மியோ அதுதான் விலக்கு. முழு வாடகையையும் இவரே கட்டினா 5.4 லட்சத்துல 1 லட்சம் போக 4.4 லட்சம். அதோட ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000, பி.எஃப்பும் லோன் அசலும் சேர்ந்து 80சி-ல 1.5 லட்சம், வீட்டு லோன் வட்டி 2 லட்சம், தங்களுக்கும் சீனியர் சிட்டிசன் பெற்றோருக்கும் எடுத்த ஹெல்த் இன்ஷூரன்ஸ் 75,000. மிச்சம் 10.85 லட்சத்துக்கு வரி 1,43,520. புது ரெஜிமை விட 48,880 லாபம்.

இதே ஜோடி, நிறைய பேர் பண்ற மாதிரி வாடகையை ஆளுக்குப் பாதின்னு பிரிச்சா? இவர் பங்கு 2.7 லட்சம், அதுலயும் அதே 1 லட்சம் கழியும். விலக்கு 1.7 லட்சம்தான். வரி 2,27,760 ஆயிடும், பழைய ரெஜிமே நஷ்டம். செலவு ஒரு ரூபாகூட மாறல, பேர்தான் மாறுச்சு.

ஆனா டிக்ளரேஷன்ல டைப் பண்ணா மட்டும் போதாது. அக்ரிமென்ட் இவர் பேர்ல இருக்கணும், வாடகை மாசாமாசம் இவர் அக்கவுன்ட்ல இருந்தே போகணும். மளிகை, ஸ்கூல் ஃபீஸ், கரன்ட் பில்லை மனைவி பார்த்துக்கட்டும். வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டறதால ஹவுஸ் ஓனரோட பான் நம்பரும் வேணும். அதை அட்வான்ஸ் குடுக்கும்போதே கேட்டு வாங்கிடுங்க, ஜனவரில கேட்டா முகம் மாறும். வாடகை மாசம் 50,000-ஐத் தாண்டிடுச்சுன்னா நாமளே 2 சதவீதம் டி.டி.எஸ் பிடிச்சுக் கட்டணும், அது தனிக் கதை.

மனைவி பக்கம் ஏப்ரல்லயே பார்க்க வேண்டிய குழி ஒண்ணு இருக்கு. அவங்க பேர்ல ஒரு எஃப்.டி, வருஷ வட்டி 60,000. அது சேர்ந்தா வருமானம் 12.45 லட்சம். 12 லட்சத்துக்கு மேல போன 45,000 அப்படியே வரியா போயிடும், செஸ்ஸோட 46,800. மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கறதாலதான் இதோட நிக்குது. 60,000 வட்டி வாங்கி 46,800 வரி! கம்பெனி வழியா என்.பி.எஸ் போட வழி இருந்தா, சம்பளத்துல 50,000-ஐ அதுக்குத் திருப்பி விடலாம். புது ரெஜிம்லயும் இந்தக் கழிவு உண்டு. வருமானம் 11.95 லட்சம் ஆகி வரி திரும்பப் பூஜ்யம். பல கம்பெனில இதை மாத்தற விண்டோ ஏப்ரல்ல மட்டும்தான் திறக்கும். அந்தப் பணத்துல பெரும்பகுதி பல வருஷத்துக்குப் பூட்டுதான், அதை யோசிச்சுட்டுப் பண்ணுங்க.

மே டு நவம்பர் பெருசா வேலை இல்ல. சம்பளத்துக்கு வெளிய வருமானம் வந்து, டி.டி.எஸ் போக 10,000-க்கு மேல வரி நிக்கும்னா, ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15-ல அட்வான்ஸ் டேக்ஸ் கட்டணும். நடுவுல வேலை மாறினா பழைய கம்பெனி சம்பளத்தைப் புதுக் கம்பெனிகிட்ட சொல்லிடுங்க. இல்லைன்னா ரெண்டு பேருமே தனித்தனியா ஸ்லாப் சலுகை குடுத்துட்டு ஜூலைல உங்க தலையில விடியும்.

ஜனவரிதான் ஆதார மாசம். ஃபார்ம் 12பிபி, வாடகை ரசீது, அக்ரிமென்ட், பேங்க்ல இருந்து லோன் வட்டி சர்ட்டிஃபிகேட். கம்பெனிக்குக் கம்பெனி தேதி மாறும், மெயிலைப் பாருங்க. நண்பருக்கு டிசம்பர் வரைக்கும் மாசம் 11,960 பிடிச்சிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. வாடகை ஆதாரத்தை மட்டும் நிராகரிச்சா வருஷ வரி 2,80,800 ஆகும். மிச்சம் 1,73,160-ஐ மூணே மாசத்துல எடுக்கணும், அதாவது மாசம் 57,720. ஜனவரி பே-ஸ்லிப்ல டி.டி.எஸ் திடீர்னு எகிறினா, அர்த்தம் இதுதான்: ஏதோ ஒரு டாக்குமென்ட் போய்ச் சேரல. அப்பவும் பணம் போயிடல. உண்மையா கட்டின வாடகையை ரிட்டர்ன்லயே கேட்டு ரீஃபண்ட் வாங்கலாம். மாசக் கணக்கா கை கடிக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 31-க்குள்ள இன்ஷூரன்ஸ் பிரீமியம் போயிருக்கணும், ஹெல்த் பிரீமியத்தைக் கேஷா கட்டினா கணக்குல வராது.

2026 ஜூன் 15-க்குள்ள கம்பெனி ஃபார்ம் 16 தரணும். அது வந்த அன்னைக்கே ஃபைல் பண்ண ஓடாதீங்க. போர்ட்டல்ல ஏ.ஐ.எஸ்-ஐ இறக்கி, பக்கத்துல வெச்சுப் பாருங்க. மெச்சூர் ஆகாத எஃப்.டி-யோட அந்த வருஷ வட்டிகூட அதுல இருக்கும். கைக்கு வராத பணம்தானேன்னு நிறைய பேர் விடறது இதைத்தான்.

கடைசித் தேதி ஜூலை 31. இங்க மனைவியை விட நண்பருக்குத்தான் ஆபத்து அதிகம். ரிட்டர்ன்லயும் பழைய ரெஜிம்னு இவரே தேர்ந்தெடுக்கணும், கம்பெனில சொன்னது தானா வந்து சேராது. தேதி தாண்டிட்டா அந்தத் தேர்வே போயிடும், புது ரெஜிம்லதான் போட முடியும். லேட் ஃபீ 5,000, அதுக்கு மேல அந்த 48,880.

சப்மிட் பண்ணி 30 நாளுக்குள்ள ஆதார் ஓ.டி.பி போட்டு இ-வெரிஃபை பண்ணணும். பண்ணலைன்னா ஃபைல் பண்ணதாவே கணக்கு இல்ல, அதனால ரெண்டு ரிட்டர்னையும் அதே உட்கார்ல வெரிஃபை பண்ணிட்டு எழுந்திருங்க.