ஷட்டருக்குக் கீழே மெலியும் நீர்

பூண்டி ஏரியின் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் ஓடி, எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலில் சேரும். “வினாடிக்கு இத்தனை கன அடி” என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள்.

கணக்குக்காக 3 மீட்டர் அகல மதகு ஒன்றை எடுத்துக்கொண்டோம். மேற்புற ஆழம் 4 மீட்டர். ஷட்டரை அரை மீட்டர் தூக்குகிறோம். வெளிவரும் நீரின் ஆழமும் அரை மீட்டர் என்றே எல்லோரும் எழுதினார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் மேலிருந்து இறங்கும் நீரால் ஷட்டரின் விளிம்பில் சட்டெனத் திரும்ப முடியாது. வளைந்து இறங்கி, சற்றுத் தள்ளி மெலிகிறது. கூர்விளிம்புள்ள செங்குத்து ஷட்டருக்கு அந்த ஆழம் திறப்பில் சுமார் 0.61 பங்கு, அதாவது 0.305 மீட்டர்.

ஷட்டருக்கு இருபுறமும் ஆற்றலும் நீரளவும் சமம் என்று கொண்டால்:

Q = b × y1 × y2 × √(2g/(y1 + y2))

இதில் b அகலம். Y1, y2 மேற்புற, கீழ்ப்புற ஆழங்கள். 3 × 4 × 0.305 × 2.13 = 7.8 கன மீட்டர். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 275 கன அடி. மெலிவதை மறந்து 0.5 போட்டால் 440 வந்துவிடும்!

கீழ்ப்புற நீர் தாழ்ந்திருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. இங்கே அது சுமார் 2 மீட்டரைத் தாண்டினால் மெலிந்த நீர் மூழ்கிவிடும். ஷட்டரை ஒட்டியே தண்ணீர் சுழன்று கொந்தளிக்கும். அப்போது வெளியேறும் அளவு, கணக்கில் வருவதைவிடக் குறைவு. கடலோர மதகுகளில் ஓதம் ஏறும்போது இதைப் பார்க்கலாம்.