எல்லாரும் வாங்க!

"ஞாயிறு கடற்கரையைச் சுத்தம் பண்றோம், எல்லாரும் வாங்க!" தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் என்ன ஆகும்? வெயில் ஏறிய பிறகு சிலர் வருவார்கள், ரப்பர் செருப்போடு சிலர் வருவார்கள், கையுறை பத்தாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஞாயிறு காலை 6 முதல் 8 மணி வரை. பெசன்ட் நகர் கடற்கரை, ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே கூடுவோம். 20 பேர் தேவை: குப்பை பொறுக்க 10, தரம் பிரிக்க 6, மூட்டை தூக்க 3, எடை குறிக்க 1. குனிய முடியாதவர் எடை குறிக்கலாம். கையுறையும் சாக்கும் நாங்கள் தருவோம். தண்ணீர், தொப்பி, மூடிய காலணி நீங்கள் கொண்டுவாருங்கள். ஊசியோ கண்ணாடித் துண்டோ கிடந்தால் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். இடுக்கியும் கெட்டியான டப்பாவும் இருக்கும். அலையில் இறங்க வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோருடன் வரவும். பெயரையும் விரும்பும் வேலையையும் வெள்ளி மாலைக்குள் தெரிவியுங்கள்."

இதைப் படிப்பவருக்குத் தன் வேலை எது, எப்போது வீடு திரும்பலாம் என்பது தெரிந்துவிடும். அழைப்பவருக்கும் எத்தனை ஜோடி கையுறை வாங்குவது என்பது வெள்ளிக்கிழமையே தெரியும்.

அடுத்த முறை அழைக்கும்போது வேலை, நேரம், பாதுகாப்பு மூன்றையும் எழுதிவிட்டு அனுப்புங்கள்.