பிழைக்குறியீடு சொல்வதும் சொல்லாததும்



சலவை இயந்திரக் கையேட்டின் இறுதியில் பிழைக்குறியீட்டு அட்டவணை ஒன்று உண்டு. அதிலுள்ள ஒரே ஒரு குறியீட்டை இன்று எடுத்துக்கொள்வோம். எல்ஜி இயந்திரத்தின் திரையில் IE என்று தோன்றினால், குறித்த நேரத்திற்குள் நீர் உரிய மட்டத்தை எட்டவில்லை என்பது பொருள். எந்த உறுப்பு பழுது என்பதை அது சொல்வதில்லை. காரணத்தைப் பழுதறியும் பகுதியின் துணைகொண்டு நாமே காண வேண்டும்.

குழாய் திறந்திருக்கிறதா, நீர்க்குழல் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, மின்செருகியைக் கழற்றி, குழாயை மூடி, குழலை இயந்திரத்திலிருந்து அகற்றினால், நுழைவாயில் சிறு வடிகட்டி தெரியும். கூலிமில் தண்ணீர்த் தடை நீங்கியபின் கலங்கல் நீர் வந்தால், அதன் வண்டல் அங்கேதான் தங்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம்.

வடிகட்டி தூய்மையாக இருந்தும் குறியீடு மீண்டும் தோன்றினால், நீரழுத்தத்தை நோக்க வேண்டும். கையேடு குறைந்தது 100 கிலோபாஸ்கல் கேட்கிறது எனக் கொள்வோம். அது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம். கூரைத் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்திற்கு 3 மீட்டர் மேலே இருந்தால், கிடைப்பது 30 கிலோபாஸ்கலுக்கும் குறைவே. அந்த வீட்டில் வால்வை மாற்றிப் பயனில்லை. தொட்டிக்குப் பின் அழுத்தமேற்றும் பம்பு பொருத்த வேண்டும்.

அழுத்தமும் போதுமானதாக இருந்தால் மட்டுமே நுழைவு வால்வையோ நீர்மட்ட உணரியையோ ஐயுற வேண்டும். அது பழுதுபார்ப்பவர் பணி. அவரை அழைக்கும்போது, குறியீட்டோடு நாம் சோதித்தவற்றையும் வரிசையாகச் சொல்வோமாக.