நான்கு பட்டியல்களும் ஓர் ஆண்டுத் திட்டமும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்திலே கல்வி வழிகாட்டுப் பிரிவு, நூலகப் பிரிவு, பெண்கள் பிரிவு எனச் சிறுசிறு பிரிவுகள் பல உள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் பிரிவினர் கூடி, தாளை நான்காக மடித்து, வலிமை, குறைபாடு, வாய்ப்பு, இடையூறு என்று நான்கு பட்டியல் எழுதும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதனை ஸ்வாட் ஆய்வு என்பர். பட்டியல் எழுதுவதில் எவர்க்கும் இடர்ப்பாடு இல்லை. எழுதிய பட்டியல் கோப்பிலே உறங்க, ஆண்டுத் திட்டம் சென்ற ஆண்டுத் திட்டத்தின் நகலாகவே அமைந்துவிடுவதுதான் நாம் காணும் நிலை. பட்டியலிலிருந்து செயலுக்குச் செல்லும் வழியை மட்டும் இன்று பேசுவோம்.

ஐவர் பணியாற்றும் ஒரு கல்வி வழிகாட்டுப் பிரிவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஐவரும் ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் தர இசைந்துள்ளனர்.

முதற்பணி, பட்டியலில் உள்ள சொற்களைச் செய்திகளாக மாற்றுவது. ‘ஆர்வமுள்ள இளைஞர்கள் உள்ளனர்’ என்று எழுதினால் அதிலிருந்து எந்தச் செயலும் பிறக்காது. ‘ஐவரில் ஒருவர் கணக்குப் பட்டதாரி, ஒருவர் அறிவியல் பட்டதாரி’ என்று எழுதினால் பிறக்கும். ‘நிருவாகம் சரியில்லை’ என்பதும் அப்படியே. ‘நம் தெருக்களில் 10-ஆம் வகுப்புக்கு மேல் படிப்போர் யார் யார் என்ற பதிவேடு நம்மிடம் இல்லை’ என்பதே பயன்படும் குறைபாடு.

அகத்தையும் புறத்தையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நம் பிரிவே இல்லாவிட்டாலும் அந்தச் செய்தி நிலைத்திருக்குமா என்று கேட்க வேண்டும். நிலைத்திருக்குமாயின் அது வாய்ப்பு அல்லது இடையூறு. இல்லையாயின் அது வலிமை அல்லது குறைபாடு. ‘ஞாயிறு வகுப்பைத் தொடங்கலாம்’ என்பதைச் சிலர் வாய்ப்பு என்று எழுதுவர். அது நாம் செய்ய நினைக்கும் செயல், வாய்ப்பன்று. விடையை முன்னரே எழுதிவிட்டு வினாவைத் தேடும் பிழை அங்கேதான் நுழைகிறது.

இவ்வாறு வடிகட்டிய பின் நம் எடுத்துக்காட்டுப் பிரிவுக்கு ஒவ்வொரு பட்டியலிலும் இரண்டிரண்டு செய்திகள் எஞ்சுவதாகக் கொள்வோம். வலிமைகள்: அவ்விரு பட்டதாரிகள்; ஐவரில் ஒருவரான ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். குறைபாடுகள்: பதிவேடு இல்லாமை, ஞாயிறு தவிர வேறு நாள் இல்லாமை. வாய்ப்புகள்: 8-ஆம் வகுப்பு மாணவர் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு, 1944 முதல் வழங்கப்பட்டு வரும், 10-ஆம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான உதவித்தொகை. இடையூறுகள்: உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேராமற்போதல், 12-ஆம் வகுப்புத் தேர்வெழுதிய பிள்ளைகள் கோடையில் வெளியூர் ஆலைகளுக்குக் கூலிவேலைக்குச் சென்று திரும்பாமை.

இங்கேதான் பலரும் வழி தவறுகின்றனர். எட்டுச் செய்திகளுக்கும் ஒவ்வொரு செயல் என்று எட்டுத் தீர்மானம் இயற்றிவிடுகின்றனர். வலிமை தனியே நின்றால் பெருமை. இடையூறு தனியே நின்றால் புலம்பல். அகத்துச் செய்தி ஒன்றையும் புறத்துச் செய்தி ஒன்றையும் எதிரெதிரே நிறுத்தினால்தான் செயல் தோன்றும். 1982-ஆம் ஆண்டில் ஹைன்ஸ் வைரிச் என்னும் மேலாண்மை அறிஞர் இம்முறையை ஓர் அட்டவணையாக வகுத்து வெளியிட்டார். நாம் கேட்க வேண்டியவை நான்கு வினாக்கள். இந்த வலிமையால் எந்த வாய்ப்பைப் பற்றலாம்? இந்த வலிமையால் எந்த இடையூற்றைத் தடுக்கலாம்? எந்தக் குறைபாட்டால் ஒரு வாய்ப்பு நழுவுகிறது? எந்தக் குறைபாடும் எந்த இடையூறும் சேர்ந்தால் நமக்குக் கேடு?

நம் எடுத்துக்காட்டிலே இணைத்துப் பார்ப்போம். பட்டதாரிகளையும் திறனறித் தேர்வையும் இணைத்தால் 8-ஆம் வகுப்பு மாணவர்க்குப் பயிற்சி வகுப்பு பிறக்கிறது. இத்தேர்வில் தெரிவு பெறும் மாணவர்க்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. மனத்திறன் தாள் ஒன்று, படிப்புத்திறன் தாள் ஒன்று. இருவரும் ஆளுக்கொன்றை ஏற்கலாம்.

வங்கி ஊழியரையும் பணம் வந்து சேராத இடையூற்றையும் இணைத்தால் கணக்குச் சரிபார்ப்பு பிறக்கிறது. மாணவரின் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு; அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு இதுவே என்று தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் இணைந்திருப்பது வேறு. ஒருவர்க்கு ஒரு கணக்கே அவ்வாறு இணைந்திருக்கும். மாணவர் பின்னர் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி அதனை இணைத்துவிட்டால் பணம் அங்கே போய்ச் சேரும்; அவரோ பழைய கணக்கைப் பார்த்து ஏமாந்திருப்பார். நெடுநாள் புழங்காது முடங்கிய கணக்கும் இதே தொல்லையைத் தரும். வங்கியிலே பணியாற்றியவர் இதனைச் சில நிமிடங்களில் கண்டறிவார். கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாமல் முதல் தலைமுறை மாணவர் ஒருவர் படிப்பை நிறுத்துவதற்கு இவ்வளவு சிறிய காரணம் போதும்.

பதிவேடு இல்லாத குறைபாட்டால் நழுவுவது உதவித்தொகை. யார் விண்ணப்பித்தார், யாரிடம் சாதிச் சான்று உண்டு, யாருடைய வருமானச் சான்று காலாவதியாயிற்று என்பன தெரியாமல் நாம் எவர்க்கும் வழிகாட்ட இயலாது. எனவே மாணவர் பதிவேடு மூன்றாம் செயல். ஞாயிறு மட்டுமே உள்ள குறைபாடும் கோடைக் கூலிவேலையும் சேரும் இடத்தில், 12-ஆம் வகுப்பு முடித்தோரின் வீடுகளுக்குச் செல்லுதல் நான்காம் செயலாகிறது. இவற்றோடு உறுப்பினர் சிலர் விரும்பும் கணினி அறையும் ஐந்தாவதாக நிற்கிறது.

இனித் தேர்வு. மதிப்பெண் இட்டுக் கூட்டிப் பெரிய எண் பெற்றதைத் தேர்ந்தெடுப்பாரும் உளர். மதிப்பெண்ணை அவரவர் விருப்பமே தீர்மானிக்கிறது; கூட்டல் அதற்குக் கணக்கின் தோற்றத்தைத் தருகிறது, அவ்வளவே. சிறு பிரிவுக்கு உண்மையான அளவுகோல் ஆள்நேரம். ஐவர், மூன்று மணி, ஆண்டில் 40 ஞாயிறு. ஆக 600 மணி. இதில் வழக்கமான படிப்பு வட்டத்துக்கு ஒவ்வொருவர்க்கும் ஞாயிறுதோறும் இரண்டு மணி, அதாவது 400 மணி போய்விடும். எஞ்சுவது 200. நோய், திருமணம், துக்கம், தேர்தல் ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் கையில் இருப்பது 160 மணி, ஆளுக்கு 32 மணி.

செயல்கள் கேட்பது எவ்வளவு? பயிற்சி வகுப்பு இருவர்க்கும் 40 ஞாயிறு ஒவ்வொரு மணி என்றால் 80; பதிவேடு 40; கணக்குச் சரிபார்ப்பு 20; வீடு செல்லுதல் 60; கணினி அறை 120. கூட்டினால் 320. கையிலிருப்பதைப் போல் இருமடங்கு. ‘முயன்றால் முடியும்’ என்று ஐந்தையும் ஏற்ற பிரிவு எதனையும் முடிக்காது.

மேலும் ஒன்று கவனிக்க வேண்டும். 160 மணியும் ஒரே பானையிலுள்ள நீர் அல்ல. பாடம் எடுக்கவல்லார் இருவரே. அவர்களிடம் இருப்பது 64 மணி. ஆகவே பயிற்சி வகுப்பை 40 ஞாயிற்றிலிருந்து 32 ஞாயிறாகக் குறைத்தே ஆகவேண்டும். ஜூனில் தொடங்கினால் ஜனவரிக்குள் அது முடிந்துவிடும். தேர்வும் கல்வியாண்டின் பிற்பகுதியிலேயே வருவதால் இழப்புச் சிறிது. மற்ற மூவரிடம் 96 மணி. பதிவேட்டுக்கு 40, சரிபார்ப்புக்கு 20 போக 36 நிற்கும். வீடு செல்லுதலுக்கு 60 இல்லை. ஆயினும் பதிவேடு முடிந்துவிட்டால் எல்லா வீடுகளுக்கும் செல்ல வேண்டியதில்லை. 12-ஆம் வகுப்புத் தேர்வெழுதியோர் வீடுகளுக்கு மட்டும் சென்றால் 36 மணி போதும். ஒரு செயல் மற்றொன்றின் சுமையைக் குறைக்குமாயின் அதனை முதலில் வைக்க வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம். கணினி அறை இவ்வாண்டு இல்லை. அதனையும் காரணத்தோடு திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் ஆகஸ்டு மாதத்தில் அது மீண்டும் எழுந்து ஆட்களைப் பிரித்துக்கொண்டு போகும்.

தேர்ந்த செயலை ஆண்டுத் திட்டத்தில் எழுதும்போது நான்கு செய்திகள் வேண்டும்: எந்த இணைப்பிலிருந்து வந்தது, யார் பொறுப்பு, எந்த நாளுக்குள், எதனால் அளப்பது. ‘கணக்குச் சரிபார்ப்பு முகாம்கள் மூன்று நடத்துதல்’ என்பது அளவாகாது. முகாம் நடந்தும் பணம் வாராதிருக்கலாம். ‘பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு மாணவர்க்கும் பணம் சேரும் கணக்கு எது என்று செப்டம்பர் 30-க்குள் உறுதி செய்தல், பொறுப்பு வங்கி ஊழியர்’ என்பதே அளவு. பயிற்சி வகுப்புக்கும் அவ்வாறே. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கு இரு தாள்களையும் சேர்த்துத் தகுதி மதிப்பெண் 32 விழுக்காடு. ஆனால் தெரிவு தரவரிசைப்படி நடப்பதால் தகுதி பெற்றார் எல்லார்க்கும் தொகை கிடைப்பதில்லை. எனவே தகுதி பெற்றோர் எத்தனை, தெரிவு பெற்றோர் எத்தனை என இரண்டையும் எழுத வேண்டும்.

பொறுப்பு என்ற இடத்தில் ‘பிரிவினர் அனைவரும்’ என்று இருந்தால் அச்செயல் நடவாது என்று முன்னரே கொள்ளலாம். மூன்று திங்களுக்கு ஒருமுறை திட்டத்தைப் பார்க்கும்போது ஒரு நிறுத்தக் குறியும் வேண்டும். ஜூலை முடிவில் பதிவேட்டில் பாதித் தெருக்கள்கூட ஏறவில்லையாயின், புதிதாக எதனையும் தொடங்காமல் மூவரும் பதிவேட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதுபோல் அதனை முன்னரே எழுதிவைத்தால், அன்று வாதம் எழாது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. பட்டியலில் ஏறுவது அறையில் இருந்தோர் அறிந்தது மட்டுமே. ஐந்து ஆடவர் கூடி எழுதிய பட்டியலில், மாலை வகுப்பு முடிந்து இருட்டிலே திரும்ப அஞ்சும் பெண்பிள்ளையின் இடையூறு இராது. உதவித்தொகை நின்றுபோன மாணவரும், படிப்பை விட்டுச் சென்றவரின் தாயாரும் நம் குறைபாட்டை நம்மைவிட நன்கறிவர். அவர்கள் இருவர் மூவரையேனும் அழைத்து, அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, அதன் பின்னரே நான்கு பட்டியலையும் முடிக்க வேண்டும்.

வரும் ஏப்ரலில் நம் பிரிவுகள் கூடும்போது ஒவ்வொன்றும் முதலில் தன் ஆள்நேரத்தைக் கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதட்டும். அதன் கீழே இடம்பெறும் செயல்கள் அந்த எண்ணுக்குள் அடங்குகின்றனவா என்று இளைஞர்களாகிய நீங்களே கூட்டிப் பாருங்கள். அடங்காவிடில் எழுந்து நின்று சொல்லுங்கள்.