சோஃபா செற் வாங்குமுன் வாரண்டித் தாளைப் படியுங்கள்

(நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாழும் தமிழ்மொழிக் குடியிருப்பாளருக்காக நகரசபை நூலக மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் பயின்று, பின்னர் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. பொருளைப் பார்க்குமுன் அதனோடு வரும் தாளைப் படிப்பார்கள். சோஃபா செற் வாங்கும் விடயத்தில் அப்பழக்கம் உங்களுக்கும் பயன்படும் என்பதாலேயே இன்று இதனைப் பேச எடுத்துக்கொண்டேன்.

கடையின் முகப்பில் "10 ஆண்டு வாரண்டி" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். தாளைத் திருப்பிப் பார்த்தால், அந்தப் பத்து ஆண்டும் உள்ளேயிருக்கும் மரச்சட்டத்துக்கு மட்டுமே உரியது என்பதும், ஃபோமுக்கு இரண்டு ஆண்டு, துணிக்கு ஓர் ஆண்டு என்பதும் சிறிய எழுத்தில் தெரியவரும். பெரும்பாலும் முதலில் தளர்வது ஃபோம். அடுத்து நலிவது துணி. ஓரளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட சட்டம் இறுதியிலேயே பழுதாகும். ஆகவே கடைசியாகப் பழுதாகும் பாகத்துக்கே மிக நீண்ட வாக்குறுதி தரப்படுகிறது. இதனை மனத்திற்கொண்டு ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம்.

மரச்சட்டம்

"ஹாட்வுட்" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் தேக்கையும் முதிரையையும் நினைக்கிறோம். ஆனால் அது தாவரவியல் வகைப்பெயர். கையால் நசுக்கக்கூடிய பால்சா மரமும் அவ்வகையிலேயே அடங்கும். எனவே அச்சொல் மட்டும் உறுதிக்குச் சான்றாகாது. என்ன மரம், சூளையில் உலர்த்தப்பட்டதா என்று கேளுங்கள். ஈரம் நீங்காத மரம் வீட்டுக்குள் வந்தபின் சுருங்கும். அப்போது பொருத்துகள் தளர்ந்து, அமரும்போதெல்லாம் கிறீச்சிடும். நன்கு உலர்த்திய றப்பர் மரமும், தரமான தடித்த பிளைவூட்டும் ஏற்கத்தக்கவை. பாரம் தாங்கும் இடத்தில் சிப்போர்ட் இருந்தால் தவிர்ப்பது நன்று. அதில் திருகாணி நெடுநாள் பிடித்து நிற்காது. ஈரம் பட்டால் உப்பிவிடும்.

"சொலிட் டிம்பர்" என்று எழுதியிருந்தால், எந்தப் பாகம் என்று கேளுங்கள். சில வேளைகளில் கால்கள் மட்டுமே அவ்வாறு இருக்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சோஃபாவின் முன்பக்க மூலை ஒன்றை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். அதற்குள் மற்ற முன்காலும் தானாக நிலத்தைவிட்டு எழவேண்டும். அது எழாமல் நின்றால் சட்டம் முறுகுகிறது என்று பொருள். சாய்த்துக் காட்டுவார்களாயின், மூலைகளில் பசையும் திருகாணியும் இட்ட மரத்துண்டுகள் உள்ளனவா, அல்லது வெறும் ஸ்ரேப்பிள் கம்பிகள்தானா என்றும் பாருங்கள்.

ஃபோம்

ஏமாற்றம் மிகுதியாக நேரும் இடம் இதுவே. காரணம், அடர்த்தியும் கடினமும் ஒன்றென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அடர்த்தி என்பது ஒரு கனமீற்றர் ஃபோமின் நிறை. கடினம் என்பது அதனை அமுக்குவதற்கு வேண்டிய விசை. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கடினமாகச் செய்யலாம். கடையில் அமரும்போது அது உறுதியாகவே தோன்றும். ஆனால் சில மாதங்களில் அதன் நுண்ணறைகள் சிதைந்து, நாள்தோறும் அமரும் இடம் குழியாகிவிடும். நெடுநாள் தாங்குவதைக் கூடுதலாகத் தீர்மானிப்பது அடர்த்தியே.

இந்நாட்டில் ஃபோமின் தரம் பெரும்பாலும் இரண்டு எண்களாகக் குறிக்கப்படும். 35-130 என்று இருந்தால், 35 என்பது ஒரு கனமீற்றருக்கு 35 கிலோகிராம் என்ற அடர்த்தி. 130 என்பது கடினம். குடும்பம் நாள்தோறும் அமரும் இருக்கைக்கு முதல் எண் 30க்குக் குறையாமலும், இயன்றால் 35 அளவிலும் இருப்பது நன்று. முதுகுப் பக்கம் அத்துணைப் பாரம் தாங்குவதில்லை; அங்கு இதனிலும் குறைந்த எண் போதும். "உயர் அடர்த்தி" என்ற சொல்லுக்கு எண் இல்லாமல் பொருளில்லை.

விற்பனையாளர் எண்ணைச் சொல்லத் தயங்கினால், தனியாக எடுக்கக்கூடிய இருக்கை மெத்தையை நிறுத்துப் பார்க்கலாம். 60 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 15 தடிப்பு உள்ள மெத்தையின் கனவளவு 0.054 கனமீற்றர். அடர்த்தி 35 எனின் ஃபோமின் நிறை ஏறத்தாழ 1.9 கிலோகிராம்; 22 எனின் ஏறத்தாழ 1.2 கிலோகிராம். உறையும் மேலே சுற்றிய பஞ்சும் சேர்ந்து எடையைக் கூட்டும் என்பதால் இது துல்லியமான கணக்கன்று. ஆயினும், உறையோடு சேர்த்தே 1.3 கிலோகிராம் மட்டும் காட்டும் மெத்தையில் 35 அடர்த்தி இருக்க இயலாது என்பது உறுதி.

துணி

துணியின் தேய்வுத் தாங்குதிறனை மார்ட்டின்டேல் என்ற சோதனையால் அளக்கிறார்கள். நாள்தோறும் பயன்படும் வீட்டுச் சோஃபாவுக்கு அவ்வெண் 20,000க்குக் குறையாதிருப்பது நன்று. ஆயினும் அது உராய்வை மட்டுமே அளக்கிறது. வெயிலில் நிறம் மங்குவதையோ எண்ணெய்க் கறையையோ அது சொல்லாது. நமது வரவேற்பறைகளில் யன்னல்வழி வரும் வெயிலும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் உண்டு. பல வாரண்டித் தாள்களில் நிறமங்கல், உடல் எண்ணெய், தலைமுடிப் பூச்சுகள் ஆகிய மூன்றும் விலக்குகளாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே தலை சாயும் இடத்தில் கழற்றித் துவைக்கக்கூடிய உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, பின்னர் வாதாடுவதிலும் எளிது.

தோல் என்று சொல்லப்படுவதிலும் சொற்களைக் கவனியுங்கள். "பொண்டட் லெதர்" என்பது தோல்துகள்களைப் பசையோடு அழுத்தி மேலே செயற்கைப் பூச்சு இட்டது. காலப்போக்கில் தாள்தாளாக உரியக்கூடியது. "லெதர் மட்ச்" என்றால் உடல் படும் இடங்களில் தோலும், பக்கங்களிலும் பின்புறத்திலும் செயற்கைப் பொருளும் என்று பொருள்.

வாரண்டியும் சட்டமும்

இரண்டு வாக்குறுதிகளைப் பிரித்தறிய வேண்டும். வாரண்டி என்பது விற்பவர் அல்லது உற்பத்தியாளர் தாமாகத் தருவது. சட்ட உத்தரவாதம் என்பது 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தருவது. பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும், விவரித்தபடியே இருக்கவேண்டும். எந்தத் தாளில் எதை எழுதினாலும் இவ்வுத்தரவாதங்களை நீக்க இயலாது. பழுதுக்கான வாரண்டித் தாளிலேயே, அதன் பயன்கள் சட்டம் தரும் உரிமைகளுக்கு மேலதிகமானவை என்று எழுதப்பட்டிருக்கவேண்டும். வாரண்டி தருபவரின் பெயரும் முகவரியும், கோரிக்கை செய்யும் முறையும், அதற்கான செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பம் மூன்று இருக்கையும் இரண்டு இருக்கையும் கொண்ட செற்றை 2,800 டொலருக்கு வாங்குகிறது. "பத்து ஆண்டு வாரண்டி, உயர் அடர்த்தி ஃபோம்" என்கிறார் விற்பனையாளர். இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழிந்தபின் நடு இருக்கை குழிவிழுகிறது. "ஃபோமுக்கு இரண்டு ஆண்டுதான்; மென்மையடைவது இயல்பு" என்று கடை மறுக்கிறது.

இங்கு வாரண்டி முடிந்தது உண்மை. சட்ட உத்தரவாதம் அதனோடு முடிவதில்லை. விலை, பொருளின் தன்மை, அதைப்பற்றிச் சொல்லப்பட்டவை ஆகியவற்றைக் கொண்டு, நியாயமான ஒருவர் எவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்ப்பார் என்பதே கேள்வி. 2,800 டொலர் செற்றின் இருக்கை, வழமையான வீட்டுப் பயன்பாட்டில் இரண்டரை ஆண்டுக்குள் குழிவது ஏற்கத்தக்கதன்று என்று வாதிட இடமுண்டு. அதையே 500 டொலர் செற்றுக்குச் சொன்னால் வாதம் வலுவிழக்கும்.

அக்குடும்பம் செய்யவேண்டியது இது. இருக்கையின் குறுக்கே நேரான தடி ஒன்றை வைத்துக் குழியின் ஆழத்தை அளக்கவேண்டும். அதிகம் அமராத இருக்கையையும் அவ்வாறே அளக்கவேண்டும். முன்னதில் 5 சென்ரிமீற்றர், பின்னதில் 1 சென்ரிமீற்றர் என்றால் அந்த வேறுபாடே பேசும். அளவுகோல் தெரியும்படி படம் எடுத்து, விலைச்சீட்டுப் படியோடு கடைக்கு மின்னஞ்சல் அனுப்பவேண்டும். அதில் "வாரண்டியின்கீழ்" என்று எழுதாமல், "நுகர்வோர் சட்டத்தின் ஏற்கத்தக்க தரம் என்ற உத்தரவாதத்தின்கீழ் கேட்கிறேன்" என்று எழுதவேண்டும். பெரும் பழுதாயின் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருளா என்பதைத் தெரிவது நுகர்வோர். சிறு பழுதாயின் கடை திருத்தித் தரலாம். புதிய ஃபோம் இட்டுத் தருவது அவ்வகைத் தீர்வு.

"சோஃபாவை நீங்களே கொண்டுவாருங்கள்" என்று கடை சொல்லக்கூடும். உருவத்தின் பருமையால் பெருஞ்செலவின்றித் திருப்பி அனுப்ப இயலாத பொருளை, திருப்பிக் கொடுக்கும் உரிமை எழும்போது விற்றவரே தம் செலவில் எடுத்துச்செல்லவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பழுதே இல்லையென்று தெரியவந்தால் செலவு உங்கள்மேல் விழக்கூடும். அதனால்தான் முதலில் அளந்து பார்க்கச் சொன்னேன்.

இக்குடும்பத்தின் வழக்கில் ஒரு குறை உண்டு. "உயர் அடர்த்தி" என்றது வாய்ச்சொல்லாகவே நின்றுவிட்டது. விலைச்சீட்டில் "இருக்கை ஃபோம் 35-130, சட்டம் உலர்த்திய றப்பர் மரம், துணி மார்ட்டின்டேல் 30,000" என்று எழுதியிருந்தால், அது பொருளின் விவரணமாகிவிடும். பொருள் அவ்வாறு இல்லையெனின், விவரித்தபடி இல்லை என்ற ஒன்றே கோரிக்கைக்குப் போதும். பணம் கட்டுமுன் இம்மூன்று வரிகளையும் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதித் தர மறுப்பதும் ஒரு விடைதான்.

கட்டணம் செலுத்தும் வேளையில் நீடித்த வாரண்டி என்று தனியாக விலை சொன்னால், சட்டம் தருவதற்கு மேல் அது எதைத் தருகிறது என்று கேட்டபின் முடிவெடுங்கள். தனியாரிடம் வாங்கும் பழைய சோஃபாவுக்கு, ஏற்கத்தக்க தரம் என்ற உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் நினைவிற்கொள்க.

கடை இணங்காவிடின் 13 32 20 என்ற எண்ணில் நியூ சவுத் வேல்ஸ் ஃபெயர் ட்ரேடிங் அலுவலகத்தை அணுகலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற எண்ணுக்கு அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வழியாக இணைக்கக் கேட்கலாம். அங்கும் தீராதவற்றை மாநிலத்தின் சிவில் மற்றும் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுசெல்ல வழியுண்டு. விலைச்சீட்டு, வாரண்டித் தாள், படங்கள், மின்னஞ்சல்கள் ஆகிய நான்கையும் ஓர் உறையில் இட்டுப் பேணி வைத்திருங்கள்.